மாங்காய்ப் பணம் வந்தும் கடையில் வியாபாரம் ஏன் பாதி?

"காவேரிப்பட்டணத்துல உரக்கடை வச்சிருக்கேன். இந்த சீசன்ல ஊருக்குள்ள பணம் போன வருஷ அளவுக்கே வந்திருக்குன்னு சொல்றாங்க. என் வியாபாரம் மட்டும் பாதியாயிடுச்சே, எப்படி?"

பணம் ஒவ்வொரு கையிலும் எத்தனை நாள் தங்குதுன்னு பாருங்க சார். மாங்கூழ் ஆலை கொடுத்த 1 லட்சம் மண்டி, விவசாயி, உங்க கடை, அடுத்த கடைன்னு 15 நாளுக்கு ஒரு கை மாறினா, 60 நாள்ல 4 லட்சத்துக்குக் கொடுக்கல் வாங்கல். மண்டியில பட்டுவாடா இழுத்து, விவசாயியும் பயந்து கையில வச்சுக்கிட்டு, 30 நாளுக்கு ஒரு கைன்னு ஆனா அதே 1 லட்சம் 2 லட்சத்துக்குத்தான் வேலை செய்யும்.

நாடு முழுக்கவும் இது நடந்திருக்கு. 2020-21ல் புழக்கத்துல இருந்த நோட்டுகளோட மதிப்பு சுமார் 17 சதவீதம் கூடுச்சு, ஆனா உற்பத்தி சுருங்குச்சு. ஜனங்க நோட்டை வீட்டுல வச்சுக்கிட்டாங்க.

உங்க கடனேட்டுலயே இதை அளக்கலாம். வெளிய நிக்கிற பாக்கியை ஒரு நாள் கடன் விற்பனையால வகுங்க. பாக்கி 6 லட்சம், ஒரு நாள் கடன் விற்பனை 10,000 ரூபாய்னா, பணம் திரும்ப வர சுமார் 60 நாள் ஆகுது. போன வருஷம் இதே மாசத்துல 30 நாள்னா, அடைப்பு அங்கதான். அப்போ வட்டிக்குப் புதுப்பணம் வாங்கிச் சரக்கு ஏத்தாதீங்க, அதுவும் பாக்கியாத்தான் நிக்கும். வசூலான அளவுக்கு மட்டும் புதுக் கடன் கொடுங்க.

நாள்கணக்கு மாறாம விற்பனை மட்டும் குறைஞ்சிருந்தா, வாடிக்கை வேற கடைக்குப் போயிருக்கலாம். அது வேற பிரச்சினை.