மஞ்சள் சிவப்பாவதற்குள்

அன்புள்ள ஐயா,

நான் பள்ளியில் தாவரவியல் எடுக்கிறேன். போன ஐப்பசியில் வேதாரண்யம் போகும் வழியில் ஒரு வேலியில் செங்காந்தள் பூத்திருந்தது. ஒரு கிளையை ஒடித்து வந்து, தம்ளர் தண்ணீரில் வைத்து, வாட்டர்கலரில் வரைய உட்கார்ந்தேன். பென்சில் கோடு முடியவே சாயங்காலம் ஆகிவிட்டது. மறுநாள் பார்த்தால் மஞ்சளாக இருந்த இடத்தில் சிவப்பு ஏறிவிட்டது, இலையும் துவண்டுவிட்டது. படம் பாதியில் நிற்கிறது. அந்தக் காலத்தில் கப்பலில் போய் நூற்றுக்கணக்கில் செடிகளை வரைந்தவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள்? அழகாக வரைந்தால் துல்லியம் போய்விடும் என்று என் சக ஆசிரியர் சொல்கிறார். அது சரியா?

ச., திருத்துறைப்பூண்டி

அன்புள்ள ச.,

அவர்கள் படத்தைச் செடி இருந்த இடத்தில் முடிக்கவில்லை. முடிக்க முயலவும் இல்லை. எது முதலில் வாடும், எது நாளைக்கும் இருக்கும், எது காய்ந்த பிறகும் மாறாது என்று பார்த்து அந்த வரிசையில் வேலை செய்தார்கள். நீங்கள் இலையிலும் தண்டிலும் ஆரம்பித்துப் பூவைக் கடைசிக்கு வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலும் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம்.

கேப்டன் குக்கின் எண்டெவர் கப்பலில் போன சிட்னி பார்க்கின்சனை எடுத்துக்கொள்ளுங்கள். இருபதுகளில் இருந்த இளைஞர். தாஹிட்டியில் ஈக்கள் தாளில் வைத்த வர்ணத்தையே தின்றுவிட்டதால் கொசுவலைக்குள் உட்கார்ந்து வரைய வேண்டியிருந்தது. 1770 மே மாதம் ஆஸ்திரேலியக் கரையில், 14 நாளில் அவர் 94 படங்கள் போட்டார் என்று தாவர சேகரிப்பாளர் பேங்க்ஸ் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஒரு நாளைக்கு ஆறு ஏழு செடிகள். பறித்த செடிகளை ஈரத்துணியில் சுற்றித் தகரப்பெட்டிகளில் வைத்திருந்ததால்தான் அதுவே முடிந்தது. செடி முழுக்கக் கோடு போடுவார். ஒரு பூ, ஒரு இலையில் மட்டும் வர்ணம் வைப்பார். மற்ற நிறங்களைத் தாளின் பின்புறம் வார்த்தையில் எழுதி வைப்பார். ஊர் திரும்பிய பிறகு நிதானமாக முடிக்கலாம் என்பது திட்டம். ஆனால் 1771 ஜனவரியில் கப்பலிலேயே நோயில் இறந்துபோனார். மீதியை லண்டனில் வேறு ஓவியர்கள் அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் முடித்தார்கள்.

வார்த்தையில் நிறம் எழுதுவதில் ஒரு சிக்கல் உண்டு. 'இளம்பச்சை' என்று நான் எழுதினால் நீங்கள் நாற்றங்காலை நினைப்பீர்கள், இன்னொருவர் வாழைக்குருத்தை நினைப்பார். ஆஸ்திரியாவில் பிறந்த ஃபெர்டினாண்ட் பவர் இதை எண்களால் தீர்த்தார். 1786, 87-ல் கிரேக்க நாட்டுப் பகுதிகளில் சுற்றியபோது அவர் செடிகளைப் பென்சிலில் மட்டும் வரைந்து, ஒவ்வொரு இடத்திலும் ஒரு எண்ணைக் குறித்தார். ஒவ்வொரு எண்ணும் ஒரு நிறச்சாயல். ஆக்ஸ்ஃபோர்டுக்குத் திரும்பி, வருடக்கணக்கில் உட்கார்ந்து, அந்த எண்களைப் பார்த்தே வர்ணம் தீட்டினார். அதிலிருந்து வெளிவந்த நூலில் 966 படங்கள். பிறகு 1801-ல் இன்வெஸ்டிகேட்டர் கப்பலில் ஆஸ்திரேலியா போனபோது எண்கள் கிட்டத்தட்ட ஆயிரம் வரை போய்விட்டன. அந்தப் பயணத்தில் அவர் வரைந்தவை இரண்டாயிரத்துக்கும் மேல். அந்த ஆயிரம் எண்களுக்கான நிற அட்டவணை மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை. எந்த எண் எந்த நிறம் என்று அறிய, அவரே முடித்த படங்களையும் பென்சில் கோட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதைத் தவிர வழியில்லை.

நமக்கு ஆயிரம் வேண்டாம், நாற்பது போதும். நீங்கள் வரையும் அதே தாளில், உங்கள் பெட்டியில் இருக்கும் வர்ணங்களாலேயே சின்னச் சின்னக் கட்டங்களாகப் பூசி, எண் போட்டு, காயவிட்டு, பட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். காய்ந்த பட்டை என்பது முக்கியம். வாட்டர்கலர் ஈரத்தில் அடர்ந்து தெரியும், காய்ந்தால் வெளிறும். ஐப்பசி ஈரக்காற்றில் தாள் காய்வதற்குள் பொறுமை போய்விடும், ஈரத்தை நம்பி நிறம் சேர்த்தால் கட்டாயம் ஏமாறுவீர்கள். பட்டையை இதழுக்கு ஒட்டினாற்போலப் பிடித்துப் பார்த்து எண்ணை மட்டும் எழுதுங்கள். நல்ல வெளிச்சமுள்ள நிழலில் நின்று பார்க்க வேண்டும். உச்சி வெயிலில் செங்காந்தளின் சிவப்பு கண்ணைக் கூசும், மஞ்சள் வெளுத்துத் தெரியும்.

சரி, உங்கள் செங்காந்தளுக்கு வருவோம். இந்தப் பூ பச்சை கலந்த மஞ்சளாக விரிந்து, நுனியிலிருந்து சிவப்பு இறங்கி, கடைசியில் முழுச் சிவப்பாகும். துரத்திப் பிடிக்கவே முடியாது என்று தோன்றும். ஆனால் கிளையில் பூக்கள் கீழிருந்து மேலாக ஒன்றன்பின் ஒன்றாக விரிகின்றன. கீழே இருப்பது சிவந்திருக்கும்போது நடுவில் ஒன்று பாதி மஞ்சளில் இருக்கும், மேலே பச்சை மொட்டு தொங்கும். மூன்று நான்கு நாள் நடப்பதெல்லாம் ஒரே கிளையில் வரிசையாக உங்கள் முன்னால் இருக்கிறது. அதனால் ஒரு பூ மட்டும் உள்ள கிளையைத் தொடாதீர்கள். மூன்று நிலையும் உள்ள கிளையாகத் தேடுங்கள்.

வேலியிலேயே நின்று முதலில் பூ தொங்கும் விதத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். நான் இதில்தான் சறுக்கினேன். பறித்து வந்து தம்ளரில் வைத்தேன், கிளை திரும்பிக்கொண்டது, பூ மேல்நோக்கி நிற்பதாக வரைந்துவிட்டேன். நன்றாக வந்திருக்கிறது என்று மறுநாள் அந்த வேலிக்கே தாளை எடுத்துப் போனேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பூ கவுந்துல்ல தம்பி இருக்கும்" என்றார். உண்மைதான். பூக்காம்பு நுனியில் கொக்கி மாதிரி வளைந்து, பூ தரையைப் பார்க்கிறது. அலையலையான ஆறு இதழ்கள்தான் பின்பக்கமாக மடிந்து மேலே எழுகின்றன. அச்சில் வரும் எத்தனையோ செங்காந்தள் படங்களில் இந்தத் தவறு இருக்கிறது. காம்பு நேராக இருந்து பூ அண்ணாந்திருந்தால், ஓவியர் செடியைப் பார்க்கவில்லை, பறித்த பூவைப் பார்த்திருக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம்.

அடுத்து மகரந்தத்தாள்கள். ஆறும் சக்கரத்தின் ஆரம் போலப் பக்கவாட்டில் விரிந்திருக்கும். மகரந்தப்பை வெடித்த பிறகு அதன் வடிவமே மாறிவிடும், அதனால் இலைக்கு முன்னால் இதை முடிக்க வேண்டும். அப்புறம் சூல்தண்டு. சூல்பையிலிருந்து கிளம்பும் இடத்திலேயே கிட்டத்தட்ட செங்கோணத்தில் மடிந்து ஒரு பக்கமாக நீளும். பூவின் நடுவில் நேராகக் குச்சி போல அதை வரைந்தால் படம் சமச்சீராக, பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். ஆனால் அது செங்காந்தள் அல்ல. இதழ் நீளம், மகரந்தத்தாள் நீளம் எல்லாம் டிவைடரால் எடுத்து அப்படியே தாளில் குத்துங்கள், கண்ணளவு வேண்டாம். சிவப்பு எங்கே முடிகிறது என்பதை அடியிலிருந்து இத்தனை மில்லிமீட்டர் என்று, தேதியும் நேரமும் சேர்த்து எழுதுங்கள்.

இதற்கெல்லாம் பிறகுதான் கிளையை வெட்ட வேண்டும். தம்ளர் வேண்டாம், மின்விசிறிக் காற்றில் இலை ஒரு மணி நேரம் தாங்காது. ஈரத்துணியில் சுற்றி, மூடி போட்ட எவர்சில்வர் தூக்கில் வையுங்கள். பேங்க்ஸின் தகரப்பெட்டிக்கு நம் ஊர்ப் பதிப்பு. இலையை மறுநாள் வரையலாம். அதன் நுனி பற்றுக்கம்பியாகச் சுருள்வதையும், ஒரே கொடியில் சில இடத்தில் இலை தனியாகவும் சில இடத்தில் எதிரெதிராகவும் வருவதையும் விட்டுவிடாதீர்கள்.

இவ்வளவு நேரம் நிறத்தைப் பற்றிப் பேசினேன். ஆனால் தாவரத்தை அடையாளம் காண நிறத்தை அதிகம் நம்பாதே என்றுதான் லின்னேயஸ் சொன்னார். அவரிடம் படித்த கோனிக் 1768-ல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து நம் கரையோரச் செடிகளைச் சேகரித்தவர். அறுபது வருடம் கழித்து நாகப்பட்டினத்தில் படைமருத்துவராக இருந்த ராபர்ட் வைட், ரங்கையா என்ற இந்திய ஓவியரைக் கொண்டு செடிகளை வரையவைத்து, படங்களை ஸ்காட்லாந்தில் இருந்த தாவரவியலாளர் ஹூக்கருக்கு அனுப்பினார். பிற்பாடு வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட தொகுதிகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் உண்டு. ரங்கையாவும் அவருக்குப் பின் கோவிந்துவும் வரைந்தவை அவற்றில் ஏராளம். அவை பெரும்பாலும் வர்ணமில்லாத கல்லச்சுப் படங்கள். வெறும் கோடு, ஓரத்தில் பூவைப் பிரித்துப் பெரிதாக்கிய பகுதிகள், அவ்வளவுதான். அவற்றை வைத்து இன்றும் செடியை அடையாளம் காண முடிகிறது. கோவிந்துவின் பெயரில் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் பெயர் வைத்தார். அந்தப் பெயர் இப்போது வழக்கில் இல்லை என்பது வேறு விஷயம்.

உங்கள் சக ஆசிரியர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. நல்ல தாவரப் படங்களில் ஓர் இலையாவது திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். நளினத்துக்காகத் திருப்பியது போலத் தெரியும். அடிப்பக்க நரம்பைக் காட்ட வேறு வழி இல்லாததால் திருப்பியது அது. மொட்டு, பூ, காய் மூன்றும் ஒரே கிளையில் இருப்பது போல வரைவதும் அப்படித்தான். அந்தக் கிளை அந்த நிமிடத்தில் அப்படி இருந்திருக்காது. பல நாள் பார்த்ததை ஒரே தாளில் சேர்த்திருக்கிறார்கள். துல்லியத்தைக் கெடுப்பது வேறு வகை அழகு: சூல்தண்டை நிமிர்த்துவது, பூச்சி அரித்த இதழுக்குப் பதிலாக மனதிலிருந்து ஓர் இதழை வைப்பது, எல்லா இதழ்களையும் ஒரே அலையில் போடுவது. அரித்த இதழுக்குப் பக்கத்துப் பூவைப் பார்த்து வரையுங்கள்.

பாதியில் நிற்கும் படத்தை எறிந்துவிடாதீர்கள். மறுநாள் எவ்வளவு சிவந்திருந்தது என்று நினைவிருந்தால் அதை ஓரத்தில் எழுதி, இரண்டு நாளின் தேதியையும் போடுங்கள். இன்னொன்று: வேதாரண்யம் பக்கம் செங்காந்தளை விதைக்காகவே பயிர் செய்கிறார்கள், மருந்துக்கு விலை போகிறது. வேலியோரக் கொடி காட்டுச்செடி போலத் தெரிந்தாலும் கேட்டுவிட்டு வெட்டுங்கள். செடி முழுக்க நஞ்சு, கிழங்கிலும் விதையிலும் அதிகம். பிள்ளைகளைக் கூட்டிப் போனால், தூரிகையின் நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.