அப்பாவின் வான்: உரிமை மாற்றமும் காப்புறுதியும்

கேள்வி: அப்பா மார்கழியில காலமாயிட்டார். வான் அவற்ற பேரிலதான் இருக்கு. அம்மாவும் நானும் சுன்னாகத்தில, அக்கா கனடாவில. என்ர பேருக்கு மாத்த என்ன வேணும்? இன்சூரன்ஸ் ஐப்பசி வரைக்கும் இருக்கு, அப்பிடியே ஓடலாமா?

பதில்: முதலில் காப்புறுதி, அதன் பிறகுதான் உரிமை மாற்றம். காப்புறுதி என்பது உங்கள் அப்பாவோடு கம்பனி செய்த ஒப்பந்தம். அவர் இறந்ததை மறைத்து ஓடி விபத்து நேர்ந்தால் கோரிக்கை சிக்கலாகும். கம்பனி பணம் தர இணங்கினாலும், காசோலை அவர் பெயரில் வந்தால் மாற்ற ஆளில்லை. மரணச் சான்றிதழின் பிரதியோடு இந்த வாரமே எழுத்தில் அறிவியுங்கள். மாற்றம் முடியும்வரை பாதுகாப்பு தொடருமா என்று கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது.

அடுத்தது, வான் யாருடையது என்பது. தேசவழமைக்கு உட்பட்ட குடும்பத்தில், திருமணத்துக்குப் பின் அப்பா உழைத்த காசில் வாங்கிய வான் தேடியதேட்டம். உயில் இல்லையென்றால் பாதி அம்மாவுக்கு, மறுபாதி பிள்ளைகளுக்கு. அதாவது அம்மாவுக்கு இரண்டில் ஒன்று, உங்களுக்கும் அக்காவுக்கும் நாலில் ஒவ்வொன்று. திருமணத்துக்கு முன் வாங்கியதானால் கணக்கு வேறு, சட்டத்தரணியிடம் கேளுங்கள். எப்படியும் அக்காவின் சம்மதம் இல்லாமல் நகராது. அவர் ரொறன்ரோவில் உள்ள இலங்கைத் துணைத்தூதரகத்தில் உறுதிப்படுத்திய சம்மதப் பத்திரமோ அற்றோணித் தத்துவமோ அனுப்பவேண்டும். அதிக நாள் பிடிப்பது இதுதான், இன்றைக்கே தொடங்கச் சொல்லுங்கள்.

அப்பாவின் மொத்தச் சொத்து (வான் மட்டுமல்ல, காணி, வங்கிப் பணம் எல்லாம்) சட்டம் குறித்த எல்லையைத் தாண்டினால், மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்குப் போட்டு நிர்வாகக் கடிதம் பெறவேண்டும். தாண்டாவிட்டால் வாகனப் பதிவுப் புத்தகத்தின் மூலப்பிரதி, மரணச் சான்றிதழ், அம்மாவின் விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைப் பிரதிகள், வாரிசுகள் யார் யார் என்ற கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், மற்ற வாரிசுகளின் சம்மதம், சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக்கடதாசி ஆகியவற்றை உரிமை மாற்ற விண்ணப்பத்தோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கொடுக்கவேண்டும். லீசிங் முடிந்த வான் என்றால், புத்தகத்தில் கம்பனியின் பெயர் இன்னும் முழு உரிமையாளராக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவர்களின் விடுவிப்புக் கடிதமும் வேண்டும்.

திருப்பி அனுப்பப்படுவது பெரும்பாலும் பெயரால்தான். புத்தகத்தில் முதலெழுத்தோடு பெயர், மரணச் சான்றிதழில் முழுப் பெயர், அதிலும் ஓரெழுத்து பிழை. இருவரும் ஒருவரே என்பதைச் சத்தியக்கடதாசியிலேயே எழுதிவிடுங்கள். அப்பா கையொப்பமிட்டு வைத்த வெறும் படிவம் அலுமாரியில் இருந்தாலும் தொடாதீர்கள். அதில் திகதி போட்டு இறந்தவர் பெயரில் கொடுப்பது குற்றம், பின்னாளில் அக்கா தன் பங்கைக் கேட்டால் அந்த மாற்றமே விழுந்துவிடும்.

புதிய புத்தகம் வந்ததும் அதைக் காட்டி, காப்புறுதியை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். காப்புறுதிப் பணம் கோராமல் ஓடிய ஆண்டுகளுக்காகக் கட்டணத்தில் குறைக்கும் கோரிக்கை இல்லாத கழிவு அப்பா சேர்த்தது, தானாக உங்களுக்கு வராது. அம்மாவின் பெயருக்கு எடுத்தால் அதைத் தருவார்களா என்று, யாருடைய பெயருக்கு மாற்றுவது என முடிவெடுக்கும் முன்னரே கேட்டுவிடுங்கள்.