செவ்வாயின் 4ஆம் பார்வை: பாகையா, வீடா?

கேள்வி: என் ஜாதகத்தில் செவ்வாய் மேஷத்தில் 29 பாகை, சனி சிம்மத்தில் 1 பாகை. நடுவில் 92 பாகைதான். அப்படியென்றால் செவ்வாயின் 4ஆம் பார்வை சனி மேல் விழுகிறதா? ஒரு செயலி ஆமாம் என்கிறது, ஜோசியர் இல்லை என்கிறார்.

ஜோசியர் சொன்னதுதான் சரி. இந்தக் கட்டம் மாறாத வரைக்கும் சரி என்று சொல்ல வேண்டும், அந்தக் கொக்கிக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் எண்ணிப் பாருங்கள். மேஷம் ஒன்று, ரிஷபம் இரண்டு, மிதுனம் மூன்று, கடகம் நான்கு. செவ்வாய் நிற்கும் வீடே ஒன்று, அதற்கு அடுத்த வீடு அல்ல. நான் கற்றுக்கொள்ள ஆரம்பித்த காலத்தில் அடுத்த வீட்டை ஒன்று என்று வைத்துப் பல மாதம் எண்ணியிருக்கிறேன். எல்லாப் பார்வையும் ஒரு வீடு தள்ளிப் போய் விழும், பலன் ஒன்றும் பொருந்தாது, நானும் கிரகங்களைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தத் தப்பைப் பிடிக்கச் சுலபமான வழி 7ஆம் பார்வைதான்: நீங்கள் எண்ணும் 7 நேர் எதிர்க் கட்டத்தில் போய் நிற்க வேண்டும். மேஷத்துக்கு எதிரே துலாம். நீங்கள் விருச்சிகத்தில் போய் நின்றால் எண்ணிக்கை தொடங்கிய இடமே தப்பு. நம் சதுரக் கட்டத்தில் கடிகாரம் சுற்றும் திசையில்தான் எண்ண வேண்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய் பார்ப்பது 4, 7, 8ஆம் வீடுகளை. ஆக மேஷச் செவ்வாய்க்கு 4 கடகம், 7 துலாம், 8 விருச்சிகம். சிம்மம் ஐந்தாவது, அங்கே செவ்வாயின் முழுப் பார்வை கிடையாது. சனி பக்கமிருந்து திருப்பி எண்ணினாலும் சிம்மத்துக்கு மேஷம் ஒன்பதாவது வீடு, சனிக்கு இருப்பது 3, 7, 10 மட்டும். அதனால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. 92 பாகை என்பது மேற்கத்திய முறையில் 90 பாகைப் பார்வைக்குள் வரும். உங்கள் செயலி அந்தக் கணக்கைத்தான் போட்டிருக்கும் என்று தோன்றுகிறது.

இதே செவ்வாயை வைத்து இன்னொன்று பாருங்கள். சனி சிம்மத்துக்குப் பதிலாகக் கடகத்தில் 2 பாகையில் இருந்தால் நடுவில் 63 பாகைதான், 90-க்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆனால் நான்காம் வீடு, முழுப் பார்வை. வீட்டை வைத்து எண்ணினால் 4ஆம் பார்வைக்குள் கிட்டத்தட்ட 60 பாகை தூரமும் வரும், கிட்டத்தட்ட 120 பாகை தூரமும் வரும், ஏனென்றால் பார்க்கும் கிரகம் தன் வீட்டின் எந்த மூலையிலும் இருக்கலாம், பார்க்கப்படுவதும் அப்படித்தான். ஒரு ராசி முழுக்க வெளிச்சம் அடிக்கிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், கோடு இழுத்த மாதிரி அல்ல.

இன்னொரு பெரிய வித்தியாசம், இது முன்னோக்கி மட்டும் போகிற பார்வை. மேற்கத்திய முறையில் 90 பாகை என்றால் முன்னாலும் பின்னாலும் ஒன்றுதான். இங்கே செவ்வாய் தன் 4ஆம் வீட்டைப் பார்ப்பார், 10ஆம் வீட்டைப் பார்க்க மாட்டார். 8ஐப் பார்ப்பார், 6ஐப் பார்க்க மாட்டார். அதனால் "அவர் இவரைப் பார்க்கிறார், இவர் அவரைப் பார்க்கவில்லை" என்பது இங்கே சாதாரணம். 7ஆம் பார்வை மட்டும்தான் எப்போதும் இருவழி. மற்றவற்றுக்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது: ஒருவரிடமிருந்து எண்ணியதையும் மற்றவரிடமிருந்து எண்ணியதையும் கூட்டினால் 14 வரும். செவ்வாய்க்கு 4இல் சனி என்றால் சனிக்கு 10இல் செவ்வாய். அந்தப் பத்தும் சனியின் தனிப் பார்வை, எனவே மேலே சொன்ன மேஷச் செவ்வாயும் கடகச் சனியும் ஒருவரை ஒருவர் முழுசாகப் பார்த்துக்கொள்கிறார்கள். செவ்வாய்க்கு 8இல் சனி என்றால் சனிக்கு 6இல் செவ்வாய், அங்கே சனிக்குப் பார்வை இல்லை, ஒருவழிதான். செவ்வாய்-சனி பார்வை என்றாலே பயப்படுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

குருவுக்கு 5, 7, 9. இரண்டு தனிப் பார்வையும் திரிகோணத்தில் விழுவதால்தான் அவர் பார்வைக்கு அவ்வளவு மரியாதை. செவ்வாய் சேனாதிபதி, கோட்டையையும் (4) ஆபத்தையும் (8) காக்கிறார், சனி உழைப்பாளி, முயற்சியையும் (3) தொழிலையும் (10) பார்க்கிறார் என்று காரணம் சொல்வார்கள். எனக்கு அது நினைவில் வைத்துக்கொள்ள உதவும் கதை என்ற அளவில்தான் பிடிக்கும். ராகு, கேதுவுக்குப் பார்வை உண்டா என்பதில் ஆளுக்கொரு கட்சி, அதை இங்கே இழுக்க வேண்டாம்.

கோசாரத்தில் இந்த வீட்டுக் கணக்கு நன்றாகவே தெரியும். சனி ஒரு ராசியில் சுமார் இரண்டரை வருடம், குரு சுமார் ஒரு வருடம். ராசி மாறிய அன்றே மூன்று வீடுகளில் பார்வை விழுந்துவிடும், பாகை நெருங்கும் வரை காத்திருப்பதில்லை. திருக்கணிதப்படி 2025 மார்ச் கடைசியில் சனி மீனத்துக்கு வந்தார், 10ஆம் பார்வை தனுசு மேல். மே மாதம் குரு மிதுனத்துக்கு வந்தார், 7ஆம் பார்வை அதே தனுசு மேல். ஒரே வீட்டை இரண்டு பேரும் பார்க்கும்போது சனியை மட்டும் வைத்துப் பலன் சொல்லக் கூடாது என்பது அடிப்படை. ஆனால் பார்வை எப்போது உச்சமாக வேலை செய்யும் என்று கேட்டால் அப்போது பலர் பாகையைப் பார்க்கத்தான் செய்கிறார்கள். பார்வை பலத்தைப் பாகை வாரியாகக் கணக்கிடும் முறையும் கிரக பலத்தை அளக்கும் ஷட்பலத்தில் இருக்கிறது, ஆகவே நம் முறையில் பாகையே கிடையாது என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். உண்டா இல்லையா என்பதை வீடு சொல்கிறது, எவ்வளவு என்பதற்குத்தான் பாகை.

சரி, அந்தக் கொக்கி. உங்கள் செவ்வாய் 29 பாகையில், ராசியின் விளிம்பில் நிற்கிறது. ராசிக் கோட்டை எங்கே போடுவது என்று தீர்மானிக்கும் அளவுதான் அயனாம்சம். லாஹிரி அயனாம்சத்துக்கும் ராமன் அயனாம்சத்துக்கும் ஏறக்குறைய ஒன்றரை பாகை வித்தியாசம். 29 என்பது லாஹிரியில் வந்தது என்றால் ராமனில் போட்டுப் பாருங்கள்: செவ்வாய் ரிஷபத்துக்குள் அரை பாகை போயிருக்கும், சனி சிம்மத்திலேயே இரண்டரை பாகைக்கு நகர்ந்திருக்கும். இப்போது எண்ணுங்கள், ரிஷபம் ஒன்று, மிதுனம் இரண்டு, கடகம் மூன்று, சிம்மம் நான்கு. இல்லாத பார்வை வந்துவிட்டது, சனியின் 10ஆம் பார்வையும் திரும்பி வருகிறது. வானத்தில் 92 பாகை அப்படியேதான் இருக்கிறது, கோடு போட்ட இடம்தான் மாறியது. ஜோசியரிடம் அவர் எந்த அயனாம்சம் போடுகிறார் என்று கேளுங்கள், செயலியின் அமைப்பிலும் அதையே வைத்துக் கட்டத்தை மறுபடி எடுங்கள். அப்புறம் பார்வைக் கோடு வரைகிற பக்கத்தை மூடிவிட்டு விரல் விட்டு எண்ணுங்கள்.