சுற்றுவது பாட்டிலா, லேபிளா?

சின்ன ஆன்லைன் கடைகளுக்காக ப்ளெண்டர் என்ற 3டி மென்பொருளில் பொருளைச் சுற்றவிட்டு வீடியோ எடுப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். தருமபுரியில் லேபிள் டிசைன் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். லேபிள் வாங்கினவர்களே வீடியோவும் கேட்க ஆரம்பித்ததால் இந்த வேலைக்கு வந்தவன். என்னிடம் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதுவும் பழசு. அதற்குத் தகுந்த பதில்கள்தான் இவை.

காவேரிப்பட்டணம்: அண்ணா, மாங்காய் தொக்கு பாட்டிலை மாடல் பண்ணி 360 டிகிரி சுத்த விட்டேன். பாட்டில் சுத்துற மாதிரியே தெரியல, லேபிள் மட்டும் ஏதோ வழுக்கிட்டுப் போகுது. லைட் கம்மியா?

அக்கா, லைட்டைக் கூட்டினாலும் இது சரியாகாது. லேபிளை ஒரு நிமிடம் மறைத்துவிட்டு வீடியோவை ஓட்டிப் பாருங்கள். படம் அசையாமல் நிற்கும். பாட்டில் உருண்டை, அதன் நடு அச்சிலேயே சுற்றுகிறது, லைட் ஒரே இடத்தில் நிற்கிறது. ஒவ்வொரு நொடியும் கண்ணாடியின் அதே வளைவில் அதே பளபளப்பு விழுகிறது. நம் கண்ணுக்கு ஒரு பொருள் திரும்புகிறது என்று பெரும்பாலும் சொல்வது அதன் மேல் நகரும் பளபளப்பும் நிழலும்தான். உங்கள் பாட்டிலில் இரண்டும் நகரவில்லை.

போன மாம்பழ சீசனில் இதே மாதிரி ஒரு பாட்டில் எனக்கும் வந்தது. 11 செ.மீ. உயரம், 7 செ.மீ. அகலம். மூடியின் ஓரத்தில் இருக்கிற சின்னச் சின்ன வரிகளை மாடலில் கொண்டுவந்தேன். கொஞ்சம் உயிர் வந்தது, போதவில்லை. அப்புறம் பாதியாக நறுக்கின ஒரு மாங்காயை பாட்டிலுக்கு 6 செ.மீ. தள்ளி வைத்து, பாட்டிலையும் மாங்காயையும் படத்தில் தெரியாத ஒரே `Empty`-க்குக் கீழே கட்டி, அந்த `Empty`-யைச் சுற்ற விட்டேன். மாங்காய் பாட்டிலுக்கு முன்னால் வருகிறது, பக்கவாட்டில் போகிறது, பின்னால் போய்க் கண்ணாடி வழியாகக் கோணலாகத் தெரிகிறது. அதன் நிழல் போகிற வழியில் பாட்டில் மேல் ஏறி இறங்குகிறது. பாட்டில் அப்படியேதான் இருந்தது, ஆனால் பார்த்தவர்கள் எல்லோரும் "இப்போ பாட்டில் சுத்துது" என்றார்கள்.

லைட் விஷயம் சுருக்கமாக. இடது முன்பக்கம் 45 டிகிரியில் ஒரு `Area` லைட். சதுரமாக வேண்டாம், 15-க்கு 50 செ.மீ. என்று நெட்டுக்குத்தாக வையுங்கள். கண்ணாடியில் மேலிருந்து கீழ் வரை ஒரே வெள்ளைக் கோடு விழும், அதுதான் கண்ணாடி என்று காட்டிக்கொடுக்கும். தூரம் 60 செ.மீ., பவர் 3 வாட்டில் ஆரம்பியுங்கள். வலது பக்கம் லைட் வேண்டாம், ஒரு வெள்ளை அட்டை மாதிரி `Plane` போதும். இன்னொரு சின்ன லைட் பின்னால், பாதி பவரில். அது தொக்கின் மேல் மிதக்கிற எண்ணெய் வழியாக வரும்போது ஓரம் சிவப்பாக ஒளிரும். வாங்குகிறவர் கண் முதலில் போவது அங்கேதான்.

இந்த 3 வாட் கணக்கு, மாடல் நிஜ அளவில் இருந்தால் மட்டும். 11 செ.மீ. பாட்டிலை 11 மீட்டராகச் செய்து, லைட்டையும் அதே விகிதத்தில் தள்ளி வைத்திருந்தால் பத்தாயிரம் மடங்கு பவர் கேட்கும். அதைப் பார்த்துத்தான் பலர் "என் லைட் வேலை செய்யல" என்கிறார்கள்.

காவேரிப்பட்டணம், மறுபடியும்: தொக்குக்கும் கண்ணாடிக்கும் நடுவுல ஒரு வெள்ளைக் கோடு தெரியுதே?

தொக்கு மாடல் கண்ணாடியின் உள்சுவரைத் தொடாமல் நிற்கிறது, நடுவில் காற்று இருப்பதாகக் கணக்காகிறது. தொக்கைக் கொஞ்சம் பெரிதாக்கி, கண்ணாடியின் கனத்துக்குள் ஒரு மயிரிழை நுழைய விடுங்கள். கேட்க முறையில்லாத மாதிரி இருக்கும், படத்தில் சரியாக ஒட்டிக்கொள்ளும்.

ஓசூர்: எதுக்கு பொருளைச் சுத்தணும்? கேமராவை ஒரு வட்டத்துல சுத்த விட்டா அதே வீடியோதானே வரும், வேலையும் கம்மி.

தம்பி, பாதி சரி. பொருளின் வடிவம் அதேதான் தெரியும். ஆனால் லைட்டைத் தரையில் நிற்க விட்டுவிட்டுக் கேமரா மட்டும் நடந்தால், பாதிச் சுற்றில் நீங்கள் லைட்டுக்கு எதிர்ப்பக்கம் போய்விடுவீர்கள். முன்னால் பளிச்சென்று இருந்த பொருள் அங்கே கருத்துப்போய்த் தெரியும், அந்த நேரம் பார்த்து விலையும் எடையும் அச்சடித்த பக்கம் வரும். லைட், அட்டை, பின்னணி எல்லாவற்றையும் கேமராவோடு கட்டிச் சுற்றினால் நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அதற்குப் பொருளையே சுற்றிவிடலாம்.

ஒரு இடத்தில் மட்டும் கேமரா சுற்றுவதை நானும் எடுப்பேன். நகைப்பெட்டி மாதிரி ஒன்றைச் சமையலறை மேடை, ஜன்னல் என்று சுற்றுப்புறத்தோடு காட்டும்போது மேடையும் சேர்ந்து சுற்றினால் சிரிப்பாக இருக்கும்.

பாலக்கோடு: கைப்பிடி வச்ச கப். சுத்தும்போது குடிச்சவன் மாதிரி ஆடுது.

`Origin to Geometry` கொடுத்திருப்பீர்கள். கைப்பிடியையும் சேர்த்து நடுவைக் கணக்குப் போடுவதால் அச்சு கைப்பிடி பக்கம் நகர்ந்துவிட்டது. கப்பின் அடிவட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்து அதன் நடுவில் 3டி கர்சரை வைத்து, ஆரிஜினை அங்கே கொண்டுவாருங்கள். கப் உங்களுக்கு நல்ல பொருள். கைப்பிடி இருப்பதால் தொக்கு பாட்டிலின் தொல்லை இதில் இல்லை.

பர்கூர்: லூப் ஆகும்போது ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவ நிக்குது. அப்புறம் லேசா துள்ளுது.

இரண்டும் வேறு வேறு கோளாறு. நிற்பதற்குக் காரணம், கீஃப்ரேம் தானாகவே மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடிகிற வளைவில் இருக்கும். அதை `Linear` ஆக்க வேண்டும். துள்ளுவதற்குக் காரணம், 0 டிகிரியும் 360 டிகிரியும் ஒரே படம். இரண்டையும் வீடியோவில் விட்டால் ஒரு படம் இரண்டு முறை வரும். நொடிக்கு 30 படம், 5 நொடி என்றால் 1-ஆவது ஃப்ரேமில் 0, 151-இல் 360 வைத்து, வீடியோவை 150-இல் முடித்துவிடுங்கள். கீஃப்ரேமே வேண்டாம் என்றால் `Rotation Z` கட்டத்தில் இதைத் தட்டலாம்:

```
#frame*2*pi/150
```

முழுச் சுற்று வேண்டாம், பின்னால் காட்ட ஒன்றுமில்லை என்றால் −40-இலிருந்து +40 வரை போய்த் திரும்ப விடுங்கள். அங்கே `Linear` போடாதீர்கள். முனையில் டக்கென்று திரும்பி பல்லைக் கடிக்க வைக்கும். பழைய வளைவே அதற்கு அழகு.

போச்சம்பள்ளி: அண்ணே, மோட்டார் வச்ச சுத்துற தட்டு எவ்வளவு எடை தாங்கும்? போன்ல எடுக்கலாம்னு இருக்கேன்.

நான் பேசுவது கம்ப்யூட்டருக்குள் சுற்றுவது. பரவாயில்லை, போனில் எடுப்பவர்கள் வழக்கமாக மாட்டுகிற ஒன்றை மட்டும் சொல்கிறேன். மலிவு எல்.ஈ.டி. பல்புகள் நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் நொடிக்கு 100 தடவை மினுங்கும். வீடியோவில் கோடு கோடாக ஓடினால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 ஆக வையுங்கள். வெளிச்ச அளவையும் போகஸையும் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வெள்ளை லேபிள் வரும்போதெல்லாம் படம் இருட்டாகும். தட்டின் எடை விவரம் அதன் பெட்டியிலேயே இருக்கும்.

பென்னாகரம்: ராத்திரி ரெண்டர் போட்டுட்டுப் படுத்தேன். கரண்ட் போயிடுச்சு. எம்பி4 ஃபைல் திறக்கவே மாட்டேங்குது.

நானும் ஒரு ராத்திரியை இப்படித்தான் பறிகொடுத்தேன், மறுநாள் காலையில் கொடுக்க வேண்டிய வேலை. நேராக வீடியோவாக எழுதினால் பாதியில் நின்ற ஃபைல் குப்பைதான். ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனி பி.என்.ஜி. படமாக எழுத வையுங்கள். ஒரு படத்துக்கு 40 நொடி என்றால் 150 படத்துக்கு 100 நிமிடம். 90-ஆவது படத்தில் கரண்ட் போனால் 90-இலிருந்து தொடரலாம், போனது ஒரு படம்தான். முடிந்ததும் கோத்துவிடுங்கள்:

```
ffmpeg -framerate 30 -i %04d.png -c:v libx264 -pix_fmt yuv420p -crf 20 out.mp4
```

பின்னணியை `Transparent` ஆக வைத்துப் படங்களை எடுத்திருந்தால் இதில் பொதுவாகக் கறுப்பாக வரும், ஏனென்றால் இந்த வகை எம்பி4-இல் ஒளிபுகும் பகுதியே கிடையாது. கோப்பதற்கு முன்னால் வெள்ளையைப் பின்னால் போட்டுவிட வேண்டும்.

கிருஷ்ணகிரி: கிரானைட் குட்டி உரல் விக்கிறோம். மாடல் பண்ணத் தெரியாது, போன்ல சுத்திச் சுத்தி 80 போட்டோ எடுத்து ஸ்கேன் ஆப்ல போட்டேன். உருகின வெல்லம் மாதிரி வருது.

பாலிஷ் போட்ட கறுப்புக் கல் அப்படித்தான் வரும். ஆப் ஒரு போட்டோவில் பார்த்த புள்ளியை அடுத்த போட்டோவில் தேடுகிறது. உங்கள் கல்லில் அது பார்ப்பது கல்லை அல்ல, கல்லில் தெரிகிற ஜன்னலையும் உங்கள் சட்டையையும். நீங்கள் நகர நகர அவையும் நகர்கின்றன. முகப்பவுடரை மெல்லிசாகத் தூவி எடுத்தால் வடிவம் பிடிபடும், ஆனால் கல்லின் நிறம் கிடைக்காது. நிறத்தைப் பிறகு ப்ளெண்டரில் கொடுக்க வேண்டியிருக்கும். உங்கள் உரல் எண்பட்டை என்று படத்தில் பார்த்தேன். அதற்கு ஸ்கேனே வேண்டாம், எட்டுப் பக்க `Cylinder` ஒன்றை வைத்துக் குடைந்தால் ஒரு மணி நேர வேலை. ஒவ்வொரு பட்டையும் லைட்டைக் கடக்கும்போது பளிச்சென்று மின்னி அணையும். அந்த மின்னல் அகலமாக வேண்டுமா, லைட்டின் அகலத்தைக் கூட்டுங்கள், பவரை அல்ல.

தருமபுரி: லேபிள்ல இருக்கிற ஆரஞ்சு செத்துப்போன மாதிரி வருதே? பின்னணி வெள்ளையும் சாம்பலா இருக்கு.

`View Transform` என்ற இடத்தில் `AgX` இருக்கும், பழைய பதிப்பு என்றால் `Filmic`. இரண்டும் அதிக வெளிச்சத்தை மென்மையாக அடக்கும், அதோடு நிறமும் கொஞ்சம் வெளுக்கும். `Standard` ஆக்கினால் நீங்கள் அச்சடித்த ஆரஞ்சு ஏறக்குறைய அப்படியே வரும்.

ஓசூர், மறுபடியும்: Standard போட்டா கண்ணாடியில அந்த வெள்ளைக் கோடு வெந்து போயிடும். நான் AgX-லயே வச்சு லேபிள் கலரை மட்டும் தூக்கிடுவேன்.

கோடு வெந்துபோகும் என்பது உண்மை. நான் லைட்டைக் குறைத்துச் சமாளிக்கிறேன், அப்போது தொக்கு கொஞ்சம் மங்குகிறது. நீங்கள் லேபிள் நிறத்தைத் தூக்கினால், லேபிள் நிழல் பக்கம் திரும்பும்போது ஆரஞ்சு வேறு மாதிரி தெரியாதா? காவேரிப்பட்டணம் அக்கா பாட்டிலையே இரண்டு விதமாகவும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள் தம்பி, பார்த்துவிடுவோம்.