பில்லிங் ஆப்பிலிருந்து டேலிக்கு: ஒரே பில் இரண்டு முறை ஏறாமல் இருக்க

கேள்வி: 9000 போர்ட் வழியா டேலிக்கு எக்ஸ்எம்எல் அனுப்பறேன். 147ஆம் பில் டைம்அவுட் ஆச்சு, மறுபடி அனுப்பினேன். இப்போ ரெண்டு வவுச்சர் இருக்கு சார். ஏன்?

பதில்: முதல் தடவையே டேலி வவுச்சரைச் சேமித்திருக்கும். அதன் பதில்தான் உங்களுக்கு வந்து சேரவில்லை. டைம்அவுட் ஆனால் பில் ஏறியதா இல்லையா என்பது தெரியாது, அவ்வளவுதான். அதனால் மறுபடி அனுப்பினாலும் கெடாதபடி, பில்லோடு ஒரு அடையாளத்தையும் அனுப்ப வேண்டும்.

```xml
<VOUCHER REMOTEID="CBE01-2526-147" VCHTYPE="Sales" ACTION="Create">
```

அதே REMOTEID திரும்ப வந்தால் டேலி பழைய வவுச்சரையே திருத்தும். பதிலில் CREATED 1க்குப் பதிலாக ALTERED 1 என்று வரும். இந்த அடையாளத்தை பில் போடும்போதே உருவாக்கி டேட்டாபேஸில் வைத்துவிடுங்கள். அனுப்பும் நேரத்தில் உருவாக்கினால் ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு புது அடையாளம் போகும், பழைய கதைதான்.

இன்னொன்று: வவுச்சர் ஏறாவிட்டாலும் HTTP 200 வரும். உள்ளே ERRORS, LINEERROR இரண்டையும் பார்க்காமல் ‘அனுப்பியாச்சு’ என்று குறிக்காதீர்கள்.

கேள்வி: இவ்வளவு எதுக்கு? தேதி, தொகை, பெயர் மூணும் ஒத்துப்போனா விட்டுடலாம். இல்லேன்னா பில் நம்பர் மட்டும் போதுமே.

பதில்: முதல் வழி மளிகைக் கடையில் ஒரு நாள்கூடத் தாங்காது. ‘கேஷ்’ என்ற பெயரில் 250 ரூபாய்க்கு ஒரே நாளில் இரண்டு பேர் வாங்கினால், ஒரு பில் காணாமல் போகும்.

பில் நம்பர் என்பது பாதி சரி. ஜிஎஸ்டி விதிப்படி அது ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக்கூடாது, அவ்வளவே. ஏப்ரல் 1 அன்று பல கடைகளில் மறுபடி 1 என்று தொடங்கும். நம்பர் மட்டுமே REMOTEID என்றால், புது வருட முதல் பில் போன வருட முதல் பில்லின் மேல் ஏறி உட்காரும். இது டூப்ளிகேட்டைவிட மோசம்; மொத்த எண்ணிக்கை கூடாததால் கண்ணில் படாது. அதனால்தான் மேலே கிளை, நிதியாண்டு, நம்பர் என மூன்றும்.

கேள்வி: அண்ணா, எங்க டேலில ஒரே கஸ்டமருக்கு ரெண்டு லெட்ஜர் இருக்கு. REMOTEID போட்டா சேர்ந்துடுமா?

பதில்: சேராது, அது வேறு சிக்கல். பெயரில் ஒரு எழுத்து மாறினாலே டேலிக்கு அது வேறு லெட்ஜர். ஆப்பின் கஸ்டமர் ஐடிக்கு எந்த லெட்ஜர் என்று ஒரு தனி டேபிள் வையுங்கள்.

கேள்வி: ஆடிட்டர் ஆபீஸிலிருந்து கேட்கிறேன். ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்த பிறகு பழைய பில்லை ஆப் மறுபடி அனுப்பினால்?

பதில்: ALTERED என்று அமைதியாக மாற்றிவிடும். அக்கவுன்டன்ட் கையால் திருத்தியதும் போய்விடும். தாக்கல் செய்த மாதத்துப் பில்களை ஆப்பிலேயே பூட்டுங்கள். தொகை குறைந்தால் கிரெடிட் நோட்டாகவே போகட்டும்.

கேள்வி: அதே மாசத்துல, தாக்கலுக்கு முன்னாடி அக்கவுன்டன்ட் திருத்தினா?

பதில்: அங்கேதான் எனக்கும் முழுத் திருப்தியான வழி இல்லை. ALTERED வந்த பில்களைத் தினமும் ஒரு பட்டியலாக எடுத்து அவரிடம் காட்டுவதுதான் இப்போதைக்கு.