மூன்று விலை, மூன்று ஈரம்: மணல் நிலத்துக்கு எதை வாங்குவது?

கேள்வி: ஐயா, காவேரிப்பட்டணம் பக்கம் ஆற்றோரம் எனக்கு ஒரு ஏக்கர் மணல் பாங்கான நிலம் இருக்கிறது, தக்காளி வைக்கப் போகிறேன். மண் பரிசோதனையில் அங்ககக் கரிமம் 0.3 சதம் வந்தது, 0.5 ஆக்கச் சொல்கிறார்கள். டிராக்டர் லோடு கம்போஸ்ட் கிலோ 3 ரூபாய் (ஈரம் 45 சதம், கரிமம் 14). மூட்டைக் கம்போஸ்ட் கிலோ 6 ரூபாய் (ஈரம் 20, கரிமம் 18). பயோசார் கரி கிலோ 20 ரூபாய் (ஈரம் 30, கரிமம் 70). எதை, எவ்வளவு வாங்கட்டும்?

பதில்: முதலில் அந்த மூன்று விலையையும் மறந்துவிடுங்கள். நீங்கள் காசு கொடுப்பது கரிமத்துக்கு. ஆனால் வண்டியில் அதோடு தண்ணீரும் சேர்ந்து வருகிறது.

லோடு கம்போஸ்ட் 100 கிலோவில் 45 கிலோ தண்ணீர் போனால் உலர் எடை 55 கிலோ. அதில் 14 சதம் என்றால் 7.7 கிலோ கரிமம். 300 ரூபாயை 7.7-ஆல் வகுத்தால் கிலோ கரிமம் சுமார் 39 ரூபாய். மூட்டையில் உலர் எடை 80 கிலோ, கரிமம் 14.4 கிலோ, கிலோவுக்குச் சுமார் 42 ரூபாய். பயோசாரில் 70 கிலோ உலர், 49 கிலோ கரிமம், கிலோவுக்குச் சுமார் 41 ரூபாய். மூன்று, ஆறு, இருபது என்று பயமுறுத்திய விலைகள் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன, பாருங்கள்.

இந்தக் கணக்கு, கரிமச் சதவீதம் உலர் எடைக்குச் சொல்லப்பட்டது என்று வைத்துப் போட்டது. ஆய்வகச் சீட்டில் 'வந்த நிலையில்' என்ற பொருளில் எழுதியிருந்தால் ஈரத்தை மறுபடி கழிக்காதீர்கள். விற்பவர் 'அங்ககப் பொருள் 35 சதம்' என்று சொல்வதையும் கரிமம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்ககப் பொருளில் கரிமம் பாதிக்குச் சற்று மேல்தான், வழக்கமாக 0.58-ஆல் பெருக்குவார்கள். அந்த 35, கரிமமாகச் சொன்னால் 20 சதம்தான்.

ஈரத்தை நீங்களே பாருங்கள். ஐந்தாறு மூட்டையின் நடுவிலிருந்து ஒவ்வொரு பிடி எடுத்துக் கலந்து, நகைக்கடைத் தராசு இல்லாவிட்டாலும் சமையலறை டிஜிட்டல் தராசில் 100 கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவிட்டு, இரண்டு நிறுவையும் ஒன்றாக வரும்வரை திரும்பத் திரும்ப நிறுங்கள். அடுப்பில் வைக்க ஆசைப்பட்டால் தோசைக்கல்லை மிதமாக வையுங்கள். புகை வந்தால் கரிமமே எரிகிறது, கணக்கு கெட்டுவிடும். பயோசாரை நெருப்பருகே கொண்டு போகவே வேண்டாம், வெயில் போதும். நான் ஒரு ஐப்பசியில் மழைக்குப் பிறகு ஒரு லோடு இறக்கினேன். விற்றவர் ஈரம் 25 சதம் என்றார். வீட்டில் காயவைத்த 100 கிராம் 52-ல் வந்து நின்றது. எடைமேடைச் சீட்டு என்னவோ சரியாகத்தான் இருந்தது, பாதி எடை மழைநீர்!

அதனால் பேரத்தை இப்படிப் பேசுங்கள். 20 சத ஈரத்துக்கு மூட்டை (50 கிலோ) 300 ரூபாய். சோதித்தபோது 35 சதம் வந்தால், உலர் எடை 80-க்குப் பதில் 65. ஆக மூட்டைக்கு 300 × 65 ÷ 80, அதாவது 244 ரூபாய்தான் நியாயம். பில்லில் ஈரச் சதவீதத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது மணல். தரையில் குவித்து அள்ளிய கம்போஸ்டில் மண்ணும் சேர்ந்து வரும். ஒரு பிடியை வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்கி, மேலே மிதப்பதை வடித்துவிட்டு அடியில் விரலை ஓட்டிப் பாருங்கள். நறநறவென்று ஒரு படுகையே இருந்தால், உங்கள் நிலத்தில் ஏற்கெனவே இருக்கும் பொருளையே விலைக்கு வாங்குகிறீர்கள். பயோசாரில் பார்க்க வேண்டியது வேறு. அரிசி ஆலைக் கொதிகலனின் உமிச் சாம்பலும் கறுப்பாக இருந்தால் 'பயோசார்' ஆகிவிடுகிறது. உமியில் சிலிக்கா அதிகம், அதன் கரிமம் சீமைக் கருவேலக் கரிக்கு அருகில்கூட வராது. 70 சதம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று ஆய்வகச் சீட்டைக் கேளுங்கள்.

இனி அளவு. ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். மேல் 15 சென்டிமீட்டர் மண் சுமார் 600 கன மீட்டர். மணல் மண் கன மீட்டருக்கு ஒன்றரை டன் என்றால் 900 டன். 0.3-லிருந்து 0.5-க்குப் போக 0.2 சதம் வேண்டும், அது 1.8 டன் கரிமம். மூட்டைக் கம்போஸ்டில் 12.5 டன், 75,000 ரூபாய். பயோசாரில் சுமார் 3.7 டன், 73,000-க்கு மேல். எனக்கு மயக்கம் வந்துவிட்டது, உங்களுக்கும் வரும்.

ஆனால் தக்காளிக்கு முழு ஏக்கரிலும் போட வேண்டியதில்லை. 120 சென்டிமீட்டர் இடைவெளி வரிசையில், செடி நிற்கும் 30 சென்டிமீட்டர் பட்டையில் மட்டும் கொத்திக் கலந்தால் பரப்பு கால்பங்கு, தேவை 450 கிலோ கரிமம். மூட்டையில் 3.1 டன், அதாவது 63 மூட்டை, 18,900 ரூபாய். லோடு கம்போஸ்டில் 5.8 டன், 17,500 ரூபாய். வித்தியாசம் 1,400 ரூபாய். அந்தக் காசுக்காக கூடுதலாக 2.7 டன்னை இறக்கி, சுமந்து, பரப்ப வேண்டுமா? கூலியைச் சேர்த்தால் மூட்டையே மலிவு. நான் மூட்டைக்கே போவேன்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். இது போடும் கரிமத்தின் கணக்கு, நிற்கும் கரிமத்தின் கணக்கு இல்லை. நம் வெயிலில், மணல் மண்ணில், கம்போஸ்ட் வேகமாகக் கரையும். அடுத்த ஆண்டுகளிலும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பயோசார் பல ஆண்டு நிற்கும், ஆனால் அதில் சத்து குறைவு. பச்சையாகப் போட்டால் அது மண்ணின் தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டு நாற்று மஞ்சளாக வாய்ப்புண்டு. அதனால் முதல் ஆண்டு முழு நிலத்துக்கும் பயோசார் வாங்காதீர்கள். 10 சென்டில் மட்டும், கம்போஸ்டோடு கூடுதலாக 90 கிலோ போதும், செலவு 1,800 ரூபாய். அதைப் பொடியாக்கி, கம்போஸ்டோடு கலந்து, ஈரம் காயாமல் நிழலில் மூன்று நான்கு வாரம் வைத்துப் பிறகு போடுங்கள். பக்கத்து வரிசையில் கரி இல்லாமல் விட்டு வையுங்கள்.

மூட்டையின் விஷயத்தில் சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணையில் மண்புழு உரத்துக்குக் கரிமம் குறைந்தது 18 சதம், நகர்ப்புறக் கம்போஸ்டுக்கு 12 சதம், இரண்டுக்கும் ஈரம் 15 முதல் 25 சதம். மூட்டையில் எழுதியதும் சரக்கும் பொருந்தாவிட்டால் மூட்டையைப் பிரிக்காமல் வைத்து, வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. மூட்டையும் அச்சும் இல்லாமல் குவியலாக வரும் லோடுக்கு உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்தப் பில்.

கரி போட்ட 10 சென்டை அடுத்த மண் பரிசோதனையை வைத்து எடை போடாதீர்கள். ஆய்வகங்களில் வழக்கமாகச் செய்யும் டைகுரோமேட் முறையில் கரியின் கரிமம் முழுதாகப் பிடிபடாது. தண்ணீர் விட்ட பிறகு அந்த வரிசையில் ஈரம் எத்தனை நாள் நிற்கிறது, பக்கத்து வரிசையில் எத்தனை நாள் என்று விரலை விட்டுப் பாருங்கள்.