சத்து மாத்திரை சாப்பிட்டும் அப்பாவுக்கு ரத்தம் ஊறவில்லையே?

கேள்வி: என் அப்பாவுக்கு 72 வயது. குடியாத்தத்தில் தறி நெய்தவர். பத்து வருடமாக சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். ஒரு வருடமாக நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. ரத்தம் குறைவு என்று ஏழு மாதமாக இரும்புச்சத்து மாத்திரை, டானிக் எல்லாம் கொடுத்தோம். இரண்டு முறை ரத்தமும் ஏற்றினோம். ஏற்றிய ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் மறுபடி 7.2-க்கு வந்துவிடுகிறது. இப்போது எம்.டி.எஸ். என்ற மஜ்ஜை நோயாக இருக்கலாம், வேலூர் போய் எலும்பு மஜ்ஜை டெஸ்ட் எடுங்கள் என்கிறார்கள். இது ரத்தப் புற்றுநோயா? இந்த வயதில் எலும்பில் ஊசி போடத்தான் வேண்டுமா? ரிப்போர்ட் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் எல்லோரும் முதல் வரியில் இருக்கும் ஹீமோகுளோபினைத்தான் பார்த்திருக்கிறார்கள். அதற்கு இரண்டு மூன்று வரி கீழே எம்.சி.வி. என்று ஒன்று இருக்கிறது பாருங்கள். சிவப்பணு ஒவ்வொன்றும் சராசரியாக எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லும் எண் அது. 80 முதல் 100 வரை இருக்க வேண்டும். இரும்புச்சத்து குறைந்தால் அணு சிறுத்துப்போய் 80-க்குக் கீழே இறங்கும். அப்பாவுக்கு 109. அணுக்கள் பெருத்திருக்கின்றன. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் 690 இருக்கிறது. இரும்பு போதாதவருக்கு இந்த எண் அநேகமாக 30-க்குள் நிற்கும். ஆக, அப்பாவிடம் இரும்பு நிறையவே இருக்கிறது. அதை வைத்து ரத்தம் செய்யத்தான் மஜ்ஜைக்கு முடியவில்லை.

முதலில் இரும்புச்சத்து கொடுத்துப் பார்த்ததைத் தவறு என்று சொல்லமாட்டேன். நம் பக்கம் ரத்தசோகை என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அதுதான் காரணம். ஆனால் இரும்பு சரியான மருந்தாக இருந்தால் ஒரு மாதத்திலேயே ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏறியிருக்கும். ஏறவில்லை என்றால் அப்போதே நிறுத்திவிட்டு வேறு காரணம் தேடியிருக்க வேண்டும். ஏழு மாதம் அதிகம்.

இன்னொன்றும் கவனித்தேன். வெள்ளையணு 3,100, ரத்தம் உறைய உதவும் தட்டணு 92,000. இரண்டும் குறைவு. மூன்று வகை அணுவும் சேர்ந்து குறைந்து, சிவப்பணு பெருத்தும் இருந்தால், வயதானவரிடம் எம்.டி.எஸ். இருக்குமோ என்று யோசிப்பது சரிதான். ஆனால் அதே போன்ற ரிப்போர்ட்டை அச்சாகக் கொடுக்கக்கூடிய வேறு சில கோளாறுகளும் உண்டு. அவற்றை விலக்காமல் நேராக மஜ்ஜை டெஸ்டுக்குப் போகக்கூடாது.

முதல் சந்தேகம் வைட்டமின் பி12 மேல். நீங்கள் அனுப்பிய தாள்களில் அந்த டெஸ்டே இல்லை. அப்பா பத்து வருடமாகச் சாப்பிடும் சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின். அது குடலில் பி12 சேர்வதைக் குறைக்கும். பி12 மிகவும் குறைந்துவிட்டால் மஜ்ஜையை நுண்ணோக்கியில் பார்த்தால்கூட எம்.டி.எஸ். போலவே தெரியும், பழகிய கண்ணையும் ஏமாற்றும். அதுதான் காரணம் என்றால் ஊசி போட்ட ஒரு வாரத்தில் புது அணுக்கள் வரத் தொடங்கும், இரண்டு மாதத்தில் ஹீமோகுளோபின் தேறிவிடும். எலும்பில் ஊசியே தேவைப்படாது. பி12 பார்க்காமல் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை மட்டும் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். ரத்தம் கொஞ்சம் ஏறினாலும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

அதோடு தைராய்டு, கல்லீரல், எச்.ஐ.வி. டெஸ்டுகள். குடிப்பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மூட்டுவலிக்கு மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறாரா? கொரோனா காலத்தில் தொடங்கிய ஜிங்க் மாத்திரை இன்னும் ஓடுகிறதா? ஜிங்க் அளவுக்கு மிஞ்சினால் உடம்பில் தாமிரம் குறைந்து இதே மாதிரி ரத்தம் குறையும். நாட்டு மருந்தில் பஸ்பம், செந்தூரம் சேர்ந்திருந்தால் அந்தப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். சிலவற்றில் ஈயமும் ஆர்செனிக்கும் இருக்கும். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்து ஷூ கம்பெனிகளில் பசை வேலை செய்தவர்களிடம் அதையும் கேட்பேன். பென்சீன் கலந்த கரைப்பானோடு வருடக்கணக்கில் புழங்குவது எம்.டி.எஸ்.ஸுக்குத் தெரிந்த காரணங்களில் ஒன்று. அப்பா தறி வேலையோடு நின்றவர் என்றால் இந்தக் கேள்வி அவருக்கு இல்லை.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் எம்.டி.எஸ். பக்கம் வர வேண்டும். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் எல்லா ரத்த அணுக்களும் ஒரு மூல அணுவிலிருந்து பிறக்கின்றன. வயது ஏற ஏற அந்த மூல அணு ஒன்றின் மரபணுவில் கோளாறு சேர்ந்து, அதன் வாரிசுகளே மஜ்ஜையை நிரப்பிக்கொள்ளும். இதில் விசித்திரம் என்னவென்றால், ரத்தத்தில் அணு குறைவாக இருக்கும். மஜ்ஜையிலோ பெரும்பாலும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். அப்பாவுக்குப் புரிகிற மாதிரி சொல்வதானால், தறி எல்லாம் ஓடுகிறது, ஆனால் துணி பழுதாக நெய்யப்பட்டு மடிப்புக்குப் போகும் முன்பே கழிவில் விழுகிறது. நூலை இன்னும் கொண்டுவந்து கொட்டினால் அது சரியாகுமா? இரும்பு மாத்திரை வேலை செய்யாததற்குக் காரணம் இதுதான். எம்.டி.எஸ்.ஸில் ஒரு வகையில், மஜ்ஜை அணுவுக்கு நீலச் சாயம் ஏற்றிப் பார்த்தால், உட்கருவைச் சுற்றி நீலப் புள்ளிகள் வளையம் கட்டி நிற்பது தெரியும். அத்தனையும் பயன்படாமல் தேங்கிய இரும்பு.

புற்றுநோயா என்று கேட்டிருக்கிறீர்கள். வகைப்படுத்தும்போது ஆமாம், ரத்தப் புற்றுநோய்க் குடும்பத்தில்தான் சேர்க்கிறோம். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு வாழ்க்கை இருக்கிறது. ரத்தசோகையோடு வருடக்கணக்கில் மெதுவாகப் போகிறவர்கள் ஒரு பக்கம். சில மாதங்களிலேயே தீவிர ரத்தப் புற்றுநோயாக மாறுகிறவர்கள் இன்னொரு பக்கம். மொத்தமாகப் பார்த்தால் சுமார் மூன்றில் ஒருவருக்குத்தான் அப்படி மாறுகிறது. அப்பா எந்தப் பக்கம் என்பது ரத்த டெஸ்டில் தெரியாது. மஜ்ஜை டெஸ்ட் அதற்காகத்தான்.

அந்த டெஸ்டைப் பற்றித்தான் பயம் அதிகம். முதுகெலும்பில் ஊசி போடமாட்டார்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடுப்பின் பின்பக்கத்து எலும்பில் மரத்துப்போகும் ஊசி போட்டு எடுப்பார்கள். முதலில் சில மில்லி மஜ்ஜையை உறிஞ்சுவார்கள். அந்தச் சில விநாடி சுரீரென்று இழுக்கும், அது மரத்துப்போகாது. அப்புறம் தீக்குச்சி கனத்தில் ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் எலும்புத் துண்டு. எல்லாம் அரைமணி நேரம். அன்றே வீட்டுக்கு வரலாம். தட்டணு 92,000 இருப்பது இதற்குத் தடையில்லை. ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, பிளாஸ்ட் எனப்படும் முதிராத அணு எத்தனை சதவீதம். 5-க்குள் இருந்தால் நிம்மதி. 5-ஐத் தாண்டினால் கவலை. 20 தொட்டால் அது தீவிர ரத்தப் புற்றுநோய். இரண்டாவது, குரோமோசோம் அறிக்கை. இதற்கு இரண்டு மூன்று வாரமாகும்; வருவதற்கு முன் சிகிச்சைக்கு அவசரப்படுத்தாதீர்கள், ஏனென்றால் எந்த மருந்து என்பதையே அது மாற்றும். உதாரணமாக ஐந்தாம் குரோமோசோமில் ஒரு துண்டு மட்டும் இல்லாத வகைக்கு லெனலிடோமைடு என்ற மாத்திரை நன்றாகக் கேட்கும்.

அப்பாவுக்குப் பிளாஸ்ட் 2 சதவீதம், குரோமோசோம் இயல்பு என்று வருவதாக வைத்துக்கொள்வோம். அப்போது புற்றுநோய்க்கான கடும் மருந்து எதுவும் தேவையில்லை. சிவப்பணு செய்யச் சொல்லி மஜ்ஜையைத் தூண்டும் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். 200-க்குள் இருந்து, ரத்தம் ஏற்றும் தேவையும் குறைவாக இருந்தால், அதே ஹார்மோனை வாரம் ஒரு ஊசியாகத் தோலுக்கடியில் போட்டுப் பார்க்கலாம். 500-க்கு மேல் என்றால் பலன் அநேகமாக இருக்காது. நல்ல வாய்ப்புள்ளவருக்கும் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். மூன்றாம் ஊசியிலேயே வேலை செய்யவில்லை என்று நிறுத்திவிட்டு வருகிறவர்கள் நிறைய. பிளாஸ்ட் அதிகம் என்று வந்தால் கதை வேறு. மாதத்துக்கு ஏழு நாள் போடும் அசாசிடிடின் ஊசி வரும். முழுதாகக் குணமாக்குவது மஜ்ஜை மாற்று சிகிச்சை மட்டும்தான். வேலூர் சி.எம்.சி.யில் 1986-லிருந்தே அது நடக்கிறது. ஆனால் 72 வயதில், மெதுவாகப் போகும் நோய்க்கு அதைச் செய்யச் சொல்லி நான் அனுப்பமாட்டேன், ஆபத்துதான் கூடுதல்.

ரத்தம் ஏற்றுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு பை ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. நம் உடம்பு ஒரு நாளைக்கு வெளியேற்றுவது 1 அல்லது 2 மில்லிகிராம்தான். கூடுதலை வெளியே தள்ள வழியே கிடையாது. 20 பை ஏறினால் 4 முதல் 5 கிராம். ஒரு ஆளின் உடம்பில் மொத்தமாக இருக்கும் இரும்பே 3, 4 கிராம்தான். மிஞ்சியது கல்லீரலிலும் இதயத்திலும் படியும். இப்படி இருக்கும்போது மேலே இரும்பு மாத்திரையும் டானிக்கும் எதற்கு? இன்றே நிறுத்துங்கள். முருங்கைக்கீரை சாப்பாட்டோடு சாப்பிடலாம், அதனால் ஒன்றும் ஆகாது. ரத்தம் தொடர்ந்து ஏற்ற வேண்டியிருந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஃபெரிட்டின் பாருங்கள். 1,000 தாண்டினால் இரும்பை வெளியேற்றும் மருந்து பற்றிப் பேச வேண்டும். ஒரே நாளில் இரண்டு பை ஏற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். வயதானவரின் இதயம் தாங்காமல் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஒரு பை, மெதுவாக, நாலு மணி நேரத்துக்குள்.

வீட்டில் கவனிக்க வேண்டியது காய்ச்சல். 100.4 டிகிரி தாண்டினால் பாரசிட்டமால் கொடுத்துவிட்டு நாளை பார்ப்போம் என்று இருக்காதீர்கள். இவர்களுக்கு வெள்ளையணு குறைவு, அன்றைக்கே ஆஸ்பத்திரி. உடம்பு வலி என்று கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுவதும், ஊர் டாக்டரிடம் இடுப்பில் ஊசி போட்டுக்கொள்வதும் வேண்டாம். காலில் கடுகு போலச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ, பல் விளக்கும்போது ரத்தம் நிற்காமல் வந்தாலோ தட்டணுவைப் பார்க்க வேண்டும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பிள்ளைகள் எல்லோரும் வெளியே வந்தபின் தனியாகக் கேட்கும் கேள்வி: எங்களுக்கும் வருமா? ஒட்டுவது இல்லை. இந்த வயதில் வரும் எம்.டி.எஸ். பெரும்பாலும் அவரோடு நிற்பது. பிள்ளைகள் டெஸ்ட் எடுக்க வேண்டியதில்லை. குடும்பத்தில் இளவயதில் வேறு யாருக்காவது ரத்தப் புற்றுநோயோ, நீண்ட நாள் தட்டணுக் குறைவோ இருந்திருந்தால் மட்டும் வேலூரில் ரத்தவியல் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.